அழகர் பட்டின் பச்சை கெடாமல் சிவகாசி காலண்டர் நிறம்: சொந்தமாக ஒரு லட் செய்வது

“ஐயா, மதுரையில் சித்திரைத் திருவிழாப் படங்கள் எடுக்கிறேன். விடியற்காலை வைகையில் எடுத்தவை ஒரு நிறம், பகலில் மாசி வீதிகளில் எடுத்தவை வேறு நிறம். என்னிடமும் தம்பியிடமும் இரண்டு வெவ்வேறு கேமராக்கள். எல்லாம் சேர்த்து ஆல்பமாகப் போடும்போது பழைய சிவகாசி காலண்டர் ஓவியம் போல ஒரே சாயலில் வர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பிலிம் லட்களைப் போட்டால் பட்டின் பச்சை பாசி நிறமாகிவிடுகிறது. நானே ஒரு லட் செய்வது எப்படி?”

பட்டிலிருந்தே தொடங்குகிறேன். சித்ரா பௌர்ணமி அன்று கள்ளழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று பார்க்கத்தான் பாதிக் கூட்டம் கரையில் நிற்கிறது. பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. அந்தப் பச்சையை மஞ்சளுக்கோ நீலத்துக்கோ தள்ளும் எந்த நிற அமைப்பும், எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த ஆல்பத்துக்கு உதவாது. ஆகவே வெள்ளை, கருப்பு, சாம்பல், கல், மண், வானம் எல்லாம் காலண்டர் சாயலுக்குப் போகட்டும், பட்டு மட்டும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கட்டும் என்பதை இலக்காக வைத்துக்கொள்கிறேன்.

லட் என்பது ஒரு அட்டவணை. “இந்த சிவப்பு, பச்சை, நீல அளவு உள்ளே வந்தால், இந்த அளவை வெளியே கொடு” என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. 8 பிட் படத்தில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் சாத்தியம். அத்தனைக்கும் வரி எழுத முடியாது என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் உதாரணமாக 64 படிகள் வைத்து, 64×64×64 என்று 2,62,144 புள்ளிகளுக்கு மட்டும் விடை எழுதி வைக்கிறார்கள். இடைப்பட்ட நிறங்களை மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும்.

உங்கள் சிக்கலில் பாதி இங்கேயே விளங்கிவிடும். அட்டவணைக்கு ஒரு புள்ளியின் நிறம் மட்டுமே தெரியும். அது முகமா மணலா, படத்தின் நடுவா ஓரமா, விடியலா பகலா என்பது தெரியாது. தீவட்டி வெளிச்சத்தில் ஆரஞ்சாக விழுந்த வேட்டியும், பகலில் உண்மையிலேயே ஆரஞ்சாக இருக்கும் துண்டும் ஒரே எண்ணாக உள்ளே வந்தால் ஒரே எண்ணாகத்தான் வெளியே போகும். எனவே இரண்டு கேமராவையும் இரண்டு வெளிச்சத்தையும் ஒன்றாக்குவது லட்டின் வேலை அல்ல. அதை முன்பே முடித்துவிட்டு, ஒன்றாகிவிட்ட படங்களின் மேல் சாயலை மட்டும் ஏற்றுவதுதான் அதன் வேலை. பிறர் செய்த லட் ஒரு படத்தில் அருமையாகவும் அடுத்ததில் கோரமாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முன்வேலை இதுதான். இரண்டு கேமராவின் ரா கோப்புகளையும் ஒரே மென்பொருளில், ஒரே அடிப்படை அமைப்பில் திறக்க வேண்டும். வெண்சமநிலையை எதை வைத்துச் சரிசெய்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. வெள்ளை வேட்டியைத் தொட்டு அளந்தால் ஏமாந்துபோவீர்கள். சலவையில் போடும் சொட்டு நீலமும் சோப்புத் தூளில் உள்ள வெளுப்பூட்டியும் அதை நீலத்துக்குத் தள்ளியிருக்கும், அதை நடுநிலை என்று எடுத்துக்கொண்டால் படம் முழுவதும் மஞ்சளாகும். மல்லிகைப்பூவும் தூய வெள்ளை அல்ல, வைகை மணலும் சாம்பல் அல்ல. வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வதே நல்லது. அடுத்து, ஒளியளவு: வெளிச்சம் நேராக விழும் வேட்டி எல்லாப் படங்களிலும் 255-க்கு 220, 230 பக்கம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபி நிற வெளியில், 16 பிட் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

இதிலும் சரியாகாத படங்கள் உண்டு. தீவட்டி வெளிச்சம் செம்மையானாலும் அதில் எல்லா நிற அலைகளும் இருப்பதால் மீட்டுவிடலாம். மஞ்சள் சோடியம் விளக்கு மட்டுமே விழுந்த இடத்தில் பச்சை, நீலத் தகவல் மிகக் குறைவு. வண்ண எல்இடி விளக்கு நேராக அடித்த பட்டில் ஏதோ ஒரு நிறம் 255-இல் முட்டி நின்றிருக்கும். அத்தகைய படங்களை இந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டு கருப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். அவற்றுக்காக லட்டை வளைத்தால் மற்ற எல்லாப் படங்களும் கெடும்.

இனி அட்டவணை. அதைக் கையால் எழுத வேண்டியதில்லை. ஹால்டு படம் என்று ஒன்று உண்டு: அந்த 2,62,144 நிறங்களையும் ஒவ்வொரு புள்ளியாக அடுக்கிய 512×512 அளவுள்ள ஒரு சதுரப் படம். அதன்மேல் நீங்கள் செய்யும் ஒவ்வொரு நிறத் திருத்தமும் அப்படியே அதில் பதிந்துவிடும். பதிந்த படமே லட். இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரே கட்டளையில் மாற்றமில்லா மூலத்தை உருவாக்கலாம்:

```
magick hald:8 -depth 16 identity.png
```

கிம்ப் மென்பொருளில் 16 பிட் துல்லியத்தில் ஒரு பெரிய வெற்றுப் படம் திறந்து, இடது மேல் மூலையில் இந்தச் சதுரத்தை ஒட்டுங்கள். மீதி இடத்தில் முன்வேலை முடிந்த மாதிரிப் படங்களைச் சுருக்கி ஒட்டுங்கள்: தங்கக் குதிரையில் அழகர், தண்ணீர் பீய்ச்சும் பக்தர் முகம், சுங்குடிச் சேலை, மல்லிகைச் சரம், விடியல் வானம், நாயக்கர் மகால் தூண், நிழலில் ஒரு கருத்த முகம், வெயிலில் ஒரு மாநிற முகம். படங்களைச் சுருக்கலாம், சதுரத்தை மட்டும் ஒரு புள்ளிகூடச் சுருக்கவோ திருப்பவோ கூடாது. எல்லாவற்றையும் ஒரே அடுக்காக்கிய பின் எந்தத் திருத்தம் செய்தாலும் படங்களில் கண்ணால் பார்க்கிறீர்கள், சதுரத்தில் அது தானாகப் பதிகிறது. முடிந்ததும் அந்த 512×512 பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் போதும்.

காலண்டர் சாயல் என்றால் என்ன என்பதை எண்ணாக்கிக்கொள்ள வேண்டும். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் வழி வந்தவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான பழைய காலண்டர் ஒன்று வீட்டில் இருந்தால் ஸ்கேனரில் வையுங்கள். குழல்விளக்கின் கீழ் கைப்பேசியில் எடுத்தால் விளக்கின் நிறமும் சேர்ந்துவிடும். அச்சே இல்லாத தாள் ஓரத்தையும், மிகக் கருத்த முடிப்பகுதியையும் நிற எடுப்பியால் தொட்டுப் பாருங்கள். தாளுக்கு 244, 234, 212 என்றும் கருப்புக்கு 38, 31, 28 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். வரிசை சிவப்பு, பச்சை, நீலம். அந்தச் சாயலின் முக்கால் பங்கு இந்த இரண்டு அளவுகளில் இருக்கிறது: வெள்ளை வெள்ளையாக இல்லை, கருப்பு கருப்பாக இல்லை, கருப்பு சற்றுச் செம்மண் பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஆனால் தாளின் வெள்ளையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 212 நீலம் என்றால் மல்லிகைச் சரம் நேற்றுக் கட்டிய பூவாகத் தெரியும். மதுரைக்காரர்கள் அதை மன்னிக்க மாட்டார்கள். பாதி வழி போனால் போதும்: 250, 245, 234. கருப்பை முழுதாக எடுத்துக்கொள்ளலாம், அங்கே பூ இல்லை. கிம்பில் Colors > Curves திறந்து, சிவப்பில் இடது முனையை 38-க்கும் வலது முனையை 250-க்கும் வையுங்கள். பச்சையில் 31, 245. நீலத்தில் 28, 234. வளைகோட்டுச் சாளரத்தில் நேரியல் ஒளியா, பார்வைக்கு ஏற்ற வெளியா என்று தேர்வு இருக்கும். இரண்டாவதில் இருக்கட்டும், முதலாவதில் இதே எண்கள் வேறு விளைவைத் தரும்.

இப்போது பட்டைப் பாருங்கள். முன்வேலை முடிந்த படத்தில் பட்டு 16, 118, 58 என்று இருந்ததாகக் கொள்வோம். மேற்சொன்ன கோடுகள் வழியே போனால் சிவப்பு 16 என்பது 51 ஆகிறது, பச்சை 118 என்பது 130, நீலம் 58 என்பது 75. நிறவட்டத்தில் கணக்கிட்டால் சாயல் 145 பாகையிலிருந்து 138 பாகைக்கு, அதாவது மஞ்சள் பக்கம், நகர்ந்திருக்கிறது. செறிவு 86 விழுக்காட்டிலிருந்து 61-க்கு விழுந்திருக்கிறது. நீங்கள் சொன்ன பாசி நிறம் இதுதான். பச்சையை யாரும் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கருப்பைத் தூக்கியபோது சிவப்பின் அடிமட்டம் உயர்ந்தது. அடர்பச்சையில் சிவப்பு மிகக் குறைவு என்பதால் அந்த உயர்வு அங்கேதான் அதிகம் உறைக்கிறது. பிலிம் பாணி லட்கள் பலவற்றிலும் கருப்பு இப்படித் தூக்கப்பட்டிருக்கும். உங்கள் பட்டு கெட்டதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

Hue-Saturation கருவியில் பச்சையைத் திருப்பி இழுத்துவிடலாமே என்று தோன்றும். நான் அந்த வழியை விரும்புவதில்லை. அந்தக் கருவி நிறவட்டத்தை ஆறு துண்டாக வெட்டுகிறது. பட்டு நிற்கும் 145 பாகை பச்சைத் துண்டின் விளிம்பில், அடுத்த துண்டை ஒட்டி இருக்கிறது. அங்கே கடுமையாக இழுத்தால் ஒரே பட்டின் மடிப்புகளில் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் நீலப்பச்சையுமாகக் கோடு விழும். பாசி வராமல் தடுப்பதே எளிது.

எப்படித் தடுப்பது? தாள் சாயலைச் செறிவு குறைந்த நிறங்களுக்கு முழுதாகவும், செறிவான நிறங்களுக்குப் பாதியாகவும் கொடுக்க வேண்டும். வளைகோடு போடும் முன் அடுக்கை நகலெடுத்து, கீழே மாற்றமில்லாததும் மேலே திருத்தியதுமாக வையுங்கள். மாற்றமில்லாத அடுக்கின் இன்னொரு நகலில் Colors > Components > Extract Component சென்று LCH C(ab) என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்பலும் வெள்ளையும் கருப்பாகவும், செறிவான நிறங்கள் வெளிச்சமாகவும் ஒரு படம் கிடைக்கும். அதைத் தலைகீழாக்கி, மேல் அடுக்கின் முகமூடியாக ஒட்டுங்கள். பட்டு இருக்கும் இடத்தில் முகமூடி ஏறத்தாழ பாதிச் சாம்பலாக நிற்கும்வரை Levels கருவியால் சரிசெய்யுங்கள். இப்போது பட்டின் சாயல் சுமார் 141 பாகையிலும் செறிவு 70 விழுக்காடு அளவிலும் நிற்கும். கண்ணுக்கு அது பச்சைப் பட்டுதான். சற்றுப் பழைய அச்சில் வந்த பச்சைப் பட்டு. செறிவுக்கு எச்எஸ்வி வகைச் செறிவை எடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் ஏறக்குறைய கருப்பான 2, 0, 0 கூட நூறு விழுக்காடு செறிவு ஆகிவிடும். நிழல்களெல்லாம் புள்ளி புள்ளியாகக் கெடும்.

ஒரு நியாயமான சந்தேகம் வரும்: லட்டுக்கு இடம் தெரியாது என்றால் முகமூடி எப்படிச் செல்லும்? நிறத்திலிருந்து மட்டுமே பிறந்த முகமூடி செல்லும், ஏனென்றால் ஒரே நிறம் எங்கே இருந்தாலும் அதற்கு ஒரே அளவுதான் கிடைக்கிறது. தூரிகையால் வரைந்த முகமூடி செல்லாது. அந்த முகமூடியை வழக்கம்போல மழுங்கடித்தாலும் செல்லாது. சதுரத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வேறு வேறு நிறங்கள், மழுக்கினால் ஒன்றின் விடை மற்றொன்றில் கசியும். கூர்மையூட்டல், இரைச்சல் நீக்கம், கிளாரிட்டி, ஓர இருட்டு, பிலிம் மணிகள் ஆகியவையும் இதே காரணத்தால் சதுரத்தில் விழக்கூடாது. மணிகள் வேண்டுமானால் லட் போட்ட பிறகு, அச்சாகும் அளவுக்குப் படத்தைக் கொண்டுவந்த பின் தனியே தூவுங்கள்.

இதே தடுப்பு குங்குமச் சிவப்பையும் தங்கக் குதிரையையும் காப்பாற்றும். காலண்டரின் சிவப்பு வெளிச்சமாக இருக்காது, கனமாக இருக்கும். அது வேண்டுமென்றால் Hue-Saturation கருவியில் சிவப்புத் துண்டை மட்டும் ஒளிர்வில் சிறிது இறக்கலாம். இங்கே சாயலைத் திருப்பாமல் ஒளிர்வை மட்டும் தொடுவதால் ஆபத்து குறைவு. கீழே உள்ள Overlap அளவை 50-க்கு மேல் ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். நம் ஊர் முகங்கள் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே விழுகின்றன. அந்த அளவு பூஜ்யமாக இருந்தால் கன்னத்தில் எல்லைக்கோடு தெரியும். வேப்பிலை, வாழை போன்ற இலைப்பச்சையை நான் தனியே தொட மாட்டேன். அதை ஆலிவ் பக்கம் தள்ள மஞ்சள் துண்டை இழுத்தால் குதிரையின் தங்கமும் கூடவே போகும். பட்டும் இலையும் சில படங்களில் ஒரே எண்ணாகவே விழலாம், அப்போது எந்த அட்டவணையாலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

அடுக்குகளை ஒன்றாக்கி, சதுரத்தைச் சரியாக 512×512 என்று வெட்டி, 16 பிட் பிஎன்ஜியாக `calendar.png` என்று சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம், அதன் சுருக்கம் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்துவிடும். ஒரு படத்தின் மேல் ஏற்றும் கட்டளை:

```
magick photo.png calendar.png -hald-clut out.png
```

ஆல்பத்தில் போடும் முன் இரண்டு சோதனைகள் அவசியம். முதலாவதாக, `identity.png` சதுரத்தை எந்தத் திருத்தமும் செய்யாமல் அதேபோல கிம்பில் ஒட்டி, வெட்டிச் சேமித்து, அதை `calendar.png` இருக்கும் இடத்தில் கொடுத்து ஓட்டி, கிடைத்த படத்தை மூலத்தின் மேல் Difference முறையில் அடுக்குங்கள். முழுக் கருப்பாக வந்தால் குழாய் சுத்தம். அப்படி வராமல் போனால், எங்கோ நிற வெளி மாறுகிறது என்று பொருள். பெரும்பாலும் அடோபி ஆர்ஜிபி கோப்பு நுழைந்திருக்கும், அல்லது சதுரத்தைத் திறக்கும்போது மென்பொருள் கேட்ட “மாற்றட்டுமா” என்ற கேள்விக்கு ஆம் சொல்லியிருப்பீர்கள். இரண்டாவதாக, கருப்பிலிருந்து வெள்ளைக்குச் செல்லும் சரிவு ஒன்றை உருவாக்கி அதன்மேல் லட்டை ஏற்றுங்கள்:

```
magick -size 200x1024 gradient:black-white PNG48:ramp.png
magick ramp.png calendar.png -hald-clut ramp_out.png
```

செம்மண் கருப்பிலிருந்து பாலேட்டு வெள்ளை வரை வழுவழுப்பாக ஏற வேண்டும். நடுவில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் எங்கோ 8 பிட்டில் சேமித்திருக்கிறீர்கள் அல்லது முகமூடியின் Levels மிகச் செங்குத்தாக இருக்கிறது. புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் சதுரத்தில் மழுக்கலோ கூர்மையோ விழுந்திருக்கிறது. இந்தக் குறைகள் முகத்தில் மறைந்துகொள்ளும். விடியல் வானத்தில் மட்டும் அப்பட்டமாகத் தெரியும், அதுவும் பெரிய அச்சில்தான். அதனால் சரிவில் பார்த்துவிடுவதே மலிவு.

ராதெரபி இந்த ஹால்டு படத்தையே Film Simulation பகுதியில் எடுத்துக்கொள்ளும். டார்க்டேபிளில் lut 3D பகுதியில் நிற வெளியை sRGB என்று வைக்க வேண்டும். வேறு மென்பொருள்கள் `.cube` கோப்பு கேட்கும். ஹால்டு படத்தில் புள்ளிகள் அடுக்கப்பட்ட வரிசையும் `.cube` கோப்பின் வரிசையும் ஒன்றே, சிவப்புதான் இரண்டிலும் வேகமாக மாறுகிறது. அதனால் வரிசையாக எழுதினாலே போதும்:

```python
import cv2, numpy as np
h = cv2.imread("calendar.png", cv2.IMREAD_UNCHANGED)[:, :, 2::-1]
p = h.reshape(-1, 3) / 65535
np.savetxt("calendar.cube", p, fmt="%.6f",
           header="LUT_3D_SIZE 64", comments="")
```

65535 என்பது 16 பிட் கோப்புக்கு. படம் முழுக்கக் கருப்பாக வந்தால் உங்கள் பிஎன்ஜி 8 பிட்டில் இருக்கிறது. எண்ணை 255 ஆக்குவதற்குப் பதில் மறுபடி 16 பிட்டில் ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

தம்பியின் கேமராப் படங்கள் லட் போட்ட பிறகும் தனியாகத் தெரிந்தால் லட்டைத் திருத்தப் போகாதீர்கள். லட்டை எடுத்துவிட்டு, இருவரும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த சாம்பல் அட்டையையும் ஒரே முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அங்கேயே இருக்கும், அங்கேயே சரிசெய்ய வேண்டும். இரண்டு கேமராவுக்கு இரண்டு லட் செய்யத் தொடங்கினால் அடுத்த ஆண்டு புதுக் கேமரா வாங்கும்போது மூன்றாவதும் செய்ய வேண்டியிருக்கும்.

ஆல்பம் அச்சுக்குக் கொடுக்கும்போது தானியங்கி நிறத் திருத்தத்தை அணைக்கும்படி லேபில் எழுதியே கொடுங்கள். வெள்ளை மஞ்சளாகவும் கருப்பு வெளிறியும் இருப்பதைக் கண்டால் அந்தத் திருத்தம் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் தனித்தனி அளவில் நடுநிலைக்கு இழுத்துவிடும். முதலில் மல்லிகை, பட்டு, முகம் மூன்றும் உள்ள ஒரு படத்தை மட்டும் சிறிய அளவில் அச்சடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.